கேஸ் ஷீட்டில் ‘வாந்தி’ என்று எழுதியிருந்தது

ஒரு மாவட்டத் தலைநகரில் இருக்கும் மருத்துவமனையின் பொது மருத்துவப் பிரிவில் நாங்கள் பார்த்த நோயாளி இவர். அவரும் வீட்டாரும் ஒப்புக்கொண்ட பிறகே எழுதுகிறேன். அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். இதில் நடந்த தாமதத்தில் ஒரு நாள் முழுக்க என் கணக்கில் சேரும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பின்னணி

நோயாளி ஆண், 56 வயது, சொந்தமாகச் சின்னக் கடை வைத்திருப்பவர். பத்து வருடமாகச் சர்க்கரை, ஐந்தாறு வருடமாக ரத்த அழுத்தம். மாத்திரை தீர்ந்தால் வாங்கப் பத்து நாள் ஆகும் ரகம். தினமும் நாலைந்து பீடி உண்டு. இதற்கு முன் பக்கவாதமோ நெஞ்சுவலியோ வந்ததில்லை.

முதல் இரண்டு நாள்

அதிகாலை ஐந்தரை மணிக்கு எழுந்தவருக்கு அறையே சுழன்றது. சுவரைப் பிடித்து நின்றும் இடது பக்கமாகச் சாய்ந்தார். அடுத்த ஒரு மணி நேரத்தில் ஆறு முறை வாந்தி. முதலில் இரவுச் சாப்பாடு, அப்புறம் மஞ்சள் பித்தநீர், கடைசி இரண்டு முறை வெறும் ஓங்கரிப்புதான். வாயில் எச்சில் ஊறியது, உடம்பு குளிர்ந்து வியர்த்தது, ஒவ்வொரு முறையும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். இந்த விவரங்களை அவர் மனைவி பிறகுதான் எங்களிடம் சொன்னார். அவை ஏன் முக்கியம் என்பது கீழே வரும்.

அருகிலிருந்த ஒரு கிளினிக்கில் ரத்த அழுத்தம் 170/100, சர்க்கரை 240 என்று பதிவானது. தலைக்கு சிடி ஸ்கேன் எடுத்தார்கள், அதில் ஒன்றும் தெரியவில்லை. கை கால் நன்றாக அசைந்தன, வாய் கோணவில்லை. ஆக, காதில் உள்ள சமநிலைக் கோளாறு என்று முடிவு செய்து, ஒண்டான்செட்ரான் ஊசியும் தலைசுற்றலுக்கு மாத்திரையும் கொடுத்து அனுப்பினார்கள்.

இரண்டாம் நாள் சுற்றல் பாதியாகக் குறைந்தது. ஆனால் விக்கல் தொடங்கி, விட்டுவிட்டு நாள் முழுக்க நீடித்தது. ‘வாந்தி’யும் நிற்கவில்லை என்றார்கள். கஞ்சி, தண்ணீர், மாத்திரை எதைக் கொடுத்தாலும் வெளியே வந்தது. வயிற்றுப் புண்ணாக இருக்கலாம் என்று பாண்டோபிரசோல் சேர்த்தார்கள்.

மூன்றாம் நாள்: எங்கள் வார்டில்

எங்களிடம் வந்தபோது அனுமதிச் சீட்டில் இருந்தது ஒரே வரி: ‘தொடர் வாந்தி, விக்கல், 2 நாள்’. நானும் அதையே நகல் எடுத்தேன். சர்க்கரை நோயாளி, நிற்காத வாந்தி. இரைப்பை அசைவு மந்தமாகியிருக்கும் என்று நினைத்தேன். சிறுநீரில் கீட்டோன் இல்லை, சிறுநீரகம் சரியாக இருந்தது, இசிஜியும் சரி. ஒண்டான்செட்ரான் 8 மில்லிகிராம் மூன்று வேளை, கூடவே மெட்டோகுளோபிரமைடு. மாலையில் எண்டோஸ்கோபி.

எண்டோஸ்கோபி அறிக்கையின் முடிவு வரி: ‘உணவுக்குழாய், இரைப்பை, முன்சிறுகுடல் இயல்பு’. அதை மட்டும் படித்தேன். மேலே சின்ன எழுத்தில் இன்னொரு வரி இருந்தது: ‘தொண்டையின் இடது பக்கக் குழியில் எச்சில் தேங்கியுள்ளது, உணவுக்குழாய் வாயைக் கடக்கச் சற்று எதிர்ப்பு இருந்தது’. குழாயைச் செலுத்தியவர் கண்ணால் கண்டதை நேர்மையாக எழுதியிருக்கிறார். நோயின் இடமே அந்த வரியில் இருந்தது. நான் படிக்கவில்லை. போதாததற்கு, எண்டோஸ்கோபிக்காகத் தொண்டையில் மரத்துப்போகும் மருந்தைத் தெளித்திருந்தோம். ஏற்கெனவே சரியாக விழுங்க முடியாத ஒருவரின் தொண்டை உணர்வையும் சில மணி நேரத்துக்கு எடுத்துவிட்டோம்.

இரவுப் பணி மருத்துவர் ஒருவர் மட்டும் சந்தேகப்பட்டு, நாக்குத் தட்டையால் தொண்டையைத் தொட்டுப் பார்த்து, ‘ஓங்கரிப்பு அனிச்சை உள்ளது, விழுங்குவதில் பிரச்சினை இல்லை’ என்று எழுதினார். இதில் முதல் பாதி சரி. இரண்டாம் பாதி அதிலிருந்து வராது. தொண்டையைத் தொட்டால் ஓங்கரிப்பது ஒரு சுற்று, விழுங்குவது வேறொரு சுற்று. நரம்புகள் பொதுவாக இருக்கலாம், ஆனால் மூளைத்தண்டின் அடிப்பகுதியான முகுளத்துக்குள் அவை ஓட்டும் நிரல் வேறு. ஓங்கரிப்பு நன்றாக இருந்தும் புரையேறுபவர்கள் உண்டு. ஓங்கரிப்பே இல்லாமல் நன்றாகச் சாப்பிடுகிற ஆரோக்கியமானவர்களும் உண்டு.

நான்காம் நாள் காலை: மனைவி சொன்னது

காலை ரவுண்டில் வழக்கம்போல் “வாந்தி எப்படிம்மா இருக்கு?” என்று கேட்டேன். அவர் மனைவி கொஞ்சம் எரிச்சலோடு சொன்னார்: “வாந்தி முந்தாநாள் காலையோட நின்னுடுச்சு சார். இது வாந்தியில்ல. முழுங்கின தண்ணி உள்ளே போகாமலே மூக்கு வழியா வருது. எச்சிலைக்கூட முழுங்க முடியல, பாருங்க.” கட்டிலுக்குக் கீழே ஒரு சில்வர் டம்ளர் இருந்தது. இரண்டு நாளாக அவர் தன் எச்சிலை அதில்தான் துப்பிக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு கேள்விகளை மாற்றினேன். வெளியே வருவதற்கு முன் குமட்டுகிறதா? இல்லை. வயிறு இறுகி ஓங்கரிக்கிறதா? இல்லை. விழுங்கி எவ்வளவு நேரத்தில் வருகிறது? உடனே, இருமலோடு. புளித்த வாடை? கிடையாது, குடித்த தண்ணீர் தண்ணீராகவே வருகிறது.

வாந்தியில் இவை எல்லாமே நேர்மாறாக இருக்கும். வாந்திக்கு முன்பே வேகஸ் நரம்பு இரைப்பையின் மேல்பகுதியைத் தளர்த்திவிடும். சிறுகுடலின் நடுப்பகுதியிலிருந்து ஒரு பெரிய சுருக்கம் தலைகீழாக மேலேறி, குடலில் இருப்பதை இரைப்பைக்குக் கொண்டுவரும். பித்தநீர் வாயில் கசப்பது அதனால்தான். எச்சில் ஊறும், முகம் வெளுக்கும், வியர்க்கும். பிறகு உதரவிதானமும் வயிற்றுத் தசைகளும் சேர்ந்து அழுத்தும். குரல்வளை மூடியிருக்கும். இதுதான் ஓங்கரிப்பு. கடைசி நொடியில் உதரவிதானத்தில் உணவுக்குழாயைச் சுற்றியிருக்கும் பகுதி மட்டும் தளர்ந்து வழிவிடும், உணவுக்குழாயின் மேல் வாய் திறக்கும், உள்ளிருப்பது வெளியே பாயும்.

இங்கே மாணவர்கள் அடிக்கடி தவறாகச் சொல்லும் ஒன்றைக் குறிப்பிட வேண்டும். மனிதரில் வாந்தியின்போது உணவுக்குழாய் தலைகீழாக அலையடித்து உணவை மேலே தள்ளுவதில்லை. இரைப்பையும் பெரும்பாலும் சும்மா இருக்கும் ஒரு பைதான். தள்ளும் விசை முழுக்க வயிற்றுச் சுவரும் உதரவிதானமும் கொடுப்பது. ஆகவே வயிறு இறுகாமல், ஓங்கரிக்காமல் வாயிலிருந்து ஒன்று வெளியே வந்தால் அதை வாந்தி என்று எழுதும் முன் இருமுறை யோசிக்க வேண்டும். தமிழில் இதற்கெல்லாம் தனித்தனிச் சொல் இருக்கிறது: குமட்டல், ஓங்கரிப்பு, வாந்தி, எதுக்களிப்பு, புரையேறுதல். வீட்டில் இருப்பவர்கள் அவற்றைச் சரியாகத்தான் சொல்வார்கள். சீட்டில் எழுதும் நாங்கள்தான் எல்லாவற்றையும் ஒரே சொல்லுக்குள் அடைத்துவிடுகிறோம்.

பரிசோதனையில் கண்டவை

குரல் கரகரத்து, தொண்டையில் தண்ணீர் நிற்பதுபோல் ஈரமாக ஒலித்தது. ‘ஆ’ சொல்லச் சொன்னபோது மென்னண்ணத்தின் இடது பாதி எழவில்லை, உள்நாக்கு வலப்பக்கம் இழுபட்டது. இடது கண்ணிமை லேசாகத் தாழ்ந்திருந்தது, இடது பாவை வலதைவிடச் சிறியது. இமைத் தாழ்வைத் தூக்கமின்மை என்று முந்தின நாள் நான் நினைத்திருந்தேன். உட்கார வைத்தால் இடப்பக்கம் சாய்ந்தார். கை கால் பலம் முழுமையாக இருந்தது.

குளிர்ந்த இசைக்கவையை வைத்துப் பார்த்தபோது முகத்தின் இடது பாதியிலும், கழுத்துக்குக் கீழே உடம்பின் வலது பாதியிலும் குளிர் தெரியவில்லை. அப்போதுதான் அவரே சொன்னார்: “நேத்து துடைச்சுவிட்டப்போ வலது பக்கம் வெந்நீர் சூடே தெரியல. ஆறிப்போச்சுன்னு நெனச்சேன்.” முகத்தில் ஒரு பக்கமும் உடம்பில் மறுபக்கமும் வலியும் வெப்பமும் தெரியாமல் போவது மூளைத்தண்டின் கையெழுத்து. வேறு எங்கே அடிபட்டாலும் இந்த அமைப்பு கிடைப்பது மிக அரிது.

ஒரு தேக்கரண்டி தண்ணீர் கொடுத்தோம். குரல்வளை இரண்டு மூன்று முறை மேலே எழ முயன்றது. பிறகு இருமல், மூக்கில் நீர். அத்தோடு நிறுத்தினோம். வலது நுரையீரலின் அடியில் கரகரப்பொலி, காய்ச்சல் 100.6. தேங்கிய எச்சில் ஏற்கெனவே நுரையீரலுக்குப் போயிருந்தது.

எம்ஆர்ஐ எடுத்ததில் முகுளத்தின் இடது பின்பக்க ஓரத்தில் ஒரு சின்ன ரத்த ஓட்டத் தடை தெரிந்தது. இடது முதுகெலும்புத் தமனி குறுகியிருந்தது. பக்க முகுள நோய்க்குறி என்று இதைச் சொல்கிறோம். 1895-இல் அடால்ஃப் வாலன்பெர்க் இதை விவரித்து எழுதியதால் அவர் பெயராலும் அழைக்கப்படுகிறது. மண்டையோட்டின் பின்பள்ளத்தில் எலும்பு சூழ்ந்திருப்பதால் சிடி-யில் இந்த இடம் சரியாகத் தெரியாது. முதல் நாள் சிடி ‘இயல்பு’ என்று வந்ததால் பக்கவாதம் இல்லை என்று ஆகிவிடாது. முதல் ஓரிரு நாளில் எம்ஆர்ஐ-கூடச் சிலருக்கு ஏமாற்றும்.

ஒரே சின்ன இடம், இவ்வளவு அறிகுறிகள்

குழுவில் இருந்த பயிற்சி மருத்துவர் கேட்டார்: “சார், தலைசுற்றல், வாந்தி, விக்கல், விழுங்க முடியாதது, குரல், எல்லாம் ஒரே புள்ளியிலா?” ஆமாம். அதைத் துண்டுக் காகிதத்தில் வரைந்து காட்டினேன். அதன் சாரம் இது.

விழுங்குவதை மூன்று கட்டமாகப் பிரிப்பது வழக்கம். வாயில் மெல்லுவதும் நாக்கால் பின்னே தள்ளுவதும் நம் விருப்பத்தில் நடப்பது. உணவு அண்ணத் தூண்களைத் தாண்டியதும் நம் கை மீறிப் போகும். அங்கிருந்தும் குரல்வளையின் மேற்பகுதியிலிருந்தும் வரும் செய்தி முகுளத்தின் பின்பக்கத்தில் உள்ள சாலிட்டேரியஸ் உட்கருவில் சேரும். அங்கே ஒரு நரம்பணுக் கூட்டம் விழுங்கலின் கால வரிசையை வைத்திருக்கிறது. அது சற்று முன்னே, ஆம்பிகுவஸ் உட்கருவை ஒட்டிய இன்னொரு கூட்டத்துக்கு உத்தரவு கொடுக்கும். அந்தக் கூட்டம் தாடை, முகம், நாக்கு, தொண்டை, குரல்வளை ஆகியவற்றின் நரம்புகளுக்கு வேலையைப் பங்கிட்டுத் தரும்.

இரண்டாம் கட்டம், தொண்டைக் கட்டம், ஏறத்தாழ ஒரு விநாடியில் முடிந்துவிடும். அந்த ஒரு விநாடிக்குள் மென்னண்ணம் எழுந்து மூக்கை அடைக்க வேண்டும். மூச்சு நிற்க வேண்டும். குரல் நாண்கள் மூட வேண்டும். குரல்வளை மேலும் முன்னுமாக எழ வேண்டும். எப்போதும் இறுகியிருக்கும் உணவுக்குழாய் வாய்த் தசை தளர வேண்டும். இந்தத் தசை தளர்ந்தால் மட்டும் வாய் திறந்துவிடாது என்பதைக் கவனிக்க வேண்டும். குரல்வளை முன்னே இழுபடும்போதுதான் வாய் அகலும். தளர்வும் இழுப்பும் ஒரே நேரத்தில் நடந்தால்தான் அரை விநாடி வழி கிடைக்கும்.

எங்கள் நோயாளிக்குக் கெட்டது இந்த நேரப் பங்கீடு. இடது ஆம்பிகுவஸ் போனதால் இடது அண்ணம், இடது தொண்டைச் சுவர், இடது குரல் நாண் மூன்றும் செயலிழந்தன. குரல் கரகரத்ததும் தண்ணீர் மூக்கில் ஏறியதும் அதனால். உணவுக்குழாய் வாய் திறக்காததால் எச்சில் இடது குழியில் தேங்கியது. எண்டோஸ்கோபி பார்த்தது அதைத்தான்.

பயிற்சி மருத்துவரின் அடுத்த கேள்வி இன்னும் நல்ல கேள்வி. கெட்டது இடது பாதி மட்டும்தானே, வலது பாதி ஏன் விழுங்கவில்லை? முகுளத்தின் இரண்டு பக்கமும் ஆளுக்கொரு பாதி மையம் இருக்கிறது, இரண்டும் ஒன்றோடொன்று கட்டப்பட்டுத்தான் வேலை செய்கின்றன. ஒரு பாதி சிதைந்து இணைப்பு அறுந்தால், நல்ல பாதியும் முதலில் தடுமாறுகிறது. வாரங்கள் போகப் போக அது தனியாக ஓட்டப் பழகிக்கொள்கிறது. இவர்களில் பெரும்பாலானவர்கள் மெதுவாகத் தேறுவதற்கு இதையே காரணமாகச் சொல்கிறார்கள். இது வீட்டாருக்கு நம்பிக்கை தரும் செய்தி, சிகிச்சையைத் திட்டமிடவும் உதவும்.

இனி வாந்தி. முகுளத்தில் ‘வாந்தி மையம்’ என்று கையால் தொட்டுக் காட்டக்கூடிய ஒரு கட்டி கிடையாது. வாந்தியைத் தூண்டும் செய்திகள் பல வழியாக வருகின்றன. நான்காம் மூளையறையின் தரையில், கீழ்க்கோடியில், ஏரியா போஸ்ட்ரீமா என்ற சின்னத் திட்டு இருக்கிறது. அங்கே ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே வழக்கமான தடுப்பு இல்லாததால், ரத்தத்தில் உள்ள நஞ்சையும் மருந்தையும் அது நேரடியாக முகர்ந்து பார்க்கும். குடலிலிருந்து வேகஸ் வழியாக வரும் செய்தி நேராக சாலிட்டேரியஸில் சேரும். உள்காதின் செய்தி சமநிலை உட்கருக்கள் வழியாக வரும். எல்லாம் சாலிட்டேரியஸ் பக்கம் கூடி, அங்கிருந்து முன்பக்க வலைப்பின்னலுக்கு உத்தரவு போய், உதரவிதானமும் வயிற்றுத் தசையும் ஒரே தாளத்தில் இயங்குகின்றன.

முதல் நாள் அவருக்கு வந்தது உண்மையான வாந்தி. ரத்த ஓட்டத் தடை சமநிலை உட்கருவைத் தொட்டதால் எழுந்தது. ஒண்டான்செட்ரான் முக்கியமாகத் தடுப்பது குடலிலிருந்து வேகஸ் வழியாக வரும் செரட்டோனின் செய்தியையும் ஏரியா போஸ்ட்ரீமாவில் அது சேரும் இடத்தையும். சமநிலை வழியாக வரும் வாந்திக்கு அதன் உதவி குறைவு. அதற்கு ஹிஸ்டமினையும் அசிட்டைல்கோலினையும் தடுக்கும் மருந்துகள்தான் வழக்கம். இரண்டாம் நாளிலிருந்து வந்தது வாந்தியே இல்லை, எந்த வாந்தி மருந்தும் அதைத் தொட்டிருக்காது. மருந்து கேட்கவில்லை என்பதே ஒரு தடயம். நான் அதற்கு மருந்தின் அளவைக் கூட்டிப் பதில் சொன்னேன்.

விக்கலும் இதே அக்கம்பக்கத்தில் பிறப்பதுதான். உதரவிதானம் திடீரெனச் சுருங்கி, குரல்வளை படக்கென மூடும் ஒரு நிரல் அது. நாள்கணக்கில் நீடிக்கும் விக்கலோடு தலைசுற்றலும் சேர்ந்து வந்தால், வயிற்றைப் பார்ப்பதோடு முகுளத்தையும் நினைக்க வேண்டும்.

எடுத்த முடிவுகள், காரணங்கள்

வாய் வழியாக எதுவும் கூடாது என்று உடனே எழுதினோம், மாத்திரை உட்பட. உறைந்த ரத்தத்தைக் கரைக்கும் ஊசிக்கான நாலரை மணி நேரம் முதல் நாளே கடந்துவிட்டிருந்தது. மூக்கு வழியாக ரைல்ஸ் ட்யூப் போட்டு, ஆஸ்பிரின், குளோபிடோகிரல், ஸ்டாட்டின் மூன்றையும் பொடித்து அதில் கொடுத்தோம். குளோபிடோகிரலை 21 நாளோடு நிறுத்துவதாகத் திட்டம். நுரையீரல் தொற்றுக்கு ஆன்டிபயாட்டிக், விக்கலுக்கு பாக்லோஃபென் 5 மில்லிகிராம் மூன்று வேளை. மருந்து தொடங்கிய மூன்றாவது நாள் விக்கல் நின்றது. மெட்டோகுளோபிரமைடை நிறுத்திவிட்டோம்.

ட்யூபில் முதல் வேளை 100 மில்லிலிட்டர் கஞ்சி போனபோது எல்லோரும் கொஞ்சம் பயத்தோடு நின்றோம், நான்கு நாள் ‘வாந்தி’ எடுத்தவர் ஆயிற்றே. ஒன்றும் வரவில்லை. இரண்டாம் நாளுக்குள் 200 மில்லிலிட்டர் வரை ஏற்றினோம், இரைப்பை அமைதியாக வாங்கிக்கொண்டது. அதன் வழி முழுக்க நன்றாகவே இருந்தது, அடைப்பு தொண்டையில். கொடுக்கும்போதும் அதற்குப் பின் ஒரு மணி நேரமும் தலைப்பக்கம் 45 பாகை உயர்த்தி வைத்தோம். ட்யூப் இருந்தாலும் எச்சில் புரையேறுவது நிற்காது என்பதால், வாயைச் சுத்தம் செய்வதும் எச்சிலை உறிஞ்சி எடுப்பதும் தொடர்ந்தன.

எக்ஸ்ரே படத்தில் விழுங்கல்

காய்ச்சல் விட்ட பின், பன்னிரண்டாம் நாள், விழுங்கல் சிகிச்சையாளரோடு சேர்ந்து பேரியம் கலந்த உணவைக் கொடுத்து ஃபுளோரோஸ்கோபியில் பார்த்தோம். நேராகப் பார்த்து விழுங்கியபோது பேரியம் தொண்டையின் இடது குழியில் தங்கியது. உணவுக்குழாய் வாய் ஒரு கீற்றுப்போல்தான் திறந்தது. தங்கியது வழிந்து குரல்வளைக்குள் இறங்கியது, அவரும் இருமினார். இருமியது நல்ல செய்தி. உணர்வே இல்லாமல் இறங்கினால் யாருக்கும் தெரியாமலே போகும்.

அப்புறம் சிகிச்சையாளர் ஒரு காரியம் செய்தார். தலையை இடப்பக்கம், அதாவது கெட்ட பக்கம், முழுக்கத் திருப்பி விழுங்கச் சொன்னார். நல்ல பக்கம் திருப்புவதுதானே முறை என்று வீட்டார் கேட்டார்கள். இடப்பக்கம் திருப்பினால் இடது குழி நசுங்கி மூடும். உணவு தானாக வலப்பக்கம், பலமுள்ள சுவரோடு இறங்கும். உணவுக்குழாய் வாயின் இறுக்கமும் கொஞ்சம் குறையும். படத்தில் அப்படியே நடந்தது. கெட்டியான 3 மில்லிலிட்டரில் பாதிக்கு மேல் வலப்பக்கமாக இறங்கியது.

உணவுக்குழாயையும் கீழே வரை தொடர்ந்து பார்த்தோம். ஆரோக்கியமானவருக்கு இந்த 25 சென்டிமீட்டர் குழாயில் அலை விநாடிக்கு 3-4 சென்டிமீட்டர் வேகத்தில் இறங்கி, 8-10 விநாடிக்குள் இரைப்பைக்குப் போய்விடும். இவருக்கு மேற்பகுதியில் அலை தயங்கியது, கீழே போனதும் ஒழுங்காக ஓடியது. குழாயின் மேற்பகுதியில் இருப்பது வரித்தசை. அது ஆம்பிகுவஸிலிருந்து நேரடியாக உத்தரவு வாங்குவதால், மேலே கோளாறு என்றால் அதுவும் தளரும். கீழ்ப்பகுதி வழவழத் தசை. அதற்கு வேகஸின் வேறொரு உட்கரு வழியாகச் செய்தி வருகிறது. அது போக, அதன் சுவருக்குள்ளேயே ஒரு நரம்பு வலை இருக்கிறது. உணவு குழாயை விரித்தால் அந்த வலையே அலையை எழுப்பும், மூளையின் உத்தரவுக்குக் காத்திருக்காது. கீழ்ப்பகுதி தப்பியதற்கு இதுதான் காரணம்.

இதிலிருந்து ஒரு நடைமுறை விஷயம் கிடைத்தது. ஒவ்வொரு விழுங்கலும் முதலில் குழாய் முழுவதையும் தளர்த்திவிட்டுத்தான் அலையைத் தொடங்குகிறது. அலை பாதி வழியில் இருக்கும்போது மறுபடி விழுங்கினால், முந்தைய அலை நின்றுவிடும். நாம் மடமடவென்று தண்ணீர் குடிக்கும்போது கடைசி மிடறுக்குப் பின் ஒரே ஒரு அலைதான் வருகிறது. ஆரோக்கியமானவருக்கு அது வசதி. மேலே அலை தயங்கும் இவருக்கு, ஒன்று சிக்கியதும் பயந்து அடுத்தடுத்து விழுங்கியது நிலைமையை மோசமாக்கியது. ஆகவே பயிற்சி இப்படி அமைந்தது: தலையை இடப்பக்கம் திருப்பு, ஒரு சின்ன வாய், பலமாக ஒரு விழுங்கல், பத்து வரை எண்ணு, பிறகு மிச்சத்துக்கு ஒரு வெறும் விழுங்கல், இருமிப் பார், குரல் தெளிவாக இருந்தால் அடுத்த வாய்.

அதன் பிறகு

நான்காம் வாரம் வயிற்றின் வழியாக நேரடிக் குழாய் போடுவதைப் பற்றிப் பேசினோம். மூக்குக் குழாய் நீண்ட காலத்துக்கு ஏற்றதல்ல. அந்த வாரமே கெட்டியான தயிரும் மசித்த இட்லியும் அரைக் கிண்ணம் வரை வாயால் போகத் தொடங்கியிருந்ததால், இரண்டு வாரம் பொறுத்துப் பார்க்கலாம் என்று வீட்டாரோடு சேர்ந்து முடிவு செய்தோம். ஐந்தாம் வாரம் அவர் ஆசைப்பட்டு டீ குடித்துப் புரையேறி, ஒரு நாள் காய்ச்சல் வந்தது. தண்ணீரும் டீயும் வேகமாக ஓடுபவை, நேரம் தவறும் தொண்டைக்கு அவைதான் ஆபத்து. கெட்டியானது மெதுவாக இறங்கும். இதை அன்றைக்குத்தான் அவருக்குப் புரியும்படி சொன்னோம். முன்பே சொல்லியிருக்கலாம்.

ஏழாம் வாரம் மறுபடி படம் எடுத்தோம். உணவுக்குழாய் வாய் முக்கால்வாசி திறந்தது, தலை திருப்பி விழுங்கினால் குரல்வளைக்குள் எதுவும் போகவில்லை. ட்யூபை எடுத்தோம். மொத்தத்தில் 6 கிலோ இழந்திருந்தார். மூன்றாம் மாதம் குரல் பெருமளவு தெளிந்துவிட்டது, நடை நேரானது. உடம்பின் வலது பாதியில் சூடு தெரிவது திரும்பவில்லை. குளிப்பதற்கு முன் இடது கையால் தண்ணீரைத் தொட்டுப் பார்க்கச் சொல்லியிருக்கிறோம்.

நாங்கள் மாற்றியது

அனுமதிச் சீட்டில் ‘வாந்தி’ என்று மட்டும் எழுதுவதை எங்கள் பிரிவில் நிறுத்தினோம். குமட்டல் இருந்ததா, வயிறு இறுகியதா, விழுங்கி எத்தனை நேரத்தில் வந்தது என்ற மூன்றும் சேர்த்து எழுதப்பட வேண்டும். தலைசுற்றலோடு வரும் எவருக்கும் முதல் மாத்திரை கொடுக்கும் முன் உட்கார வைத்து ஒரு தேக்கரண்டி தண்ணீர் கொடுத்து, குரலைக் கேட்க வேண்டும். இது செவிலியரே செய்துவிடும் வேலை, இரண்டு நிமிடம் ஆகும். கூடவே இமை, பாவை, உட்காரும்போது சாய்வு, ஐஸ் கட்டியால் முகத்திலும் உடம்பிலும் ஒரு தொடுதல். இவற்றில் ஒன்று பிசகினாலும் சிடி இயல்பு என்பதை நம்பாமல் எம்ஆர்ஐ.

நான் சொந்தமாக மாற்றிக்கொண்டது எண்டோஸ்கோபி அறிக்கையை மேலிருந்து படிப்பது. அதை எழுதியவரிடம் பிறகு ஒருநாள் இந்த கேஸைச் சொன்னேன். “எச்சில் தேங்கியிருக்குன்னு எழுதினப்போ ஃபோன் பண்ணலாமான்னு யோசிச்சேன் சார், முடிவு இயல்புதானேன்னு விட்டுட்டேன்” என்றார். இப்போது தொண்டைக் குழியில் எச்சில் தேங்கியிருப்பதைப் பார்த்தால் அவர் வார்டுக்கு ஃபோன் செய்கிறார். இதுவரை இரண்டு முறை வந்திருக்கிறது. ஒன்று தொண்டைப் புற்று, இன்னொன்று இதே முகுளம், இந்த முறை வலது பக்கம், இரண்டாம் நாளே கண்டுபிடித்தோம்.